வரிக்கு மேல் வரி: புரள்வு வரியிலிருந்து வற் வரைக்கும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் சில கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். உயர்தர வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளும் கடைக்காரரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். அவற்றை அவரவர் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். கதவுக் கணக்கில் வரும் விலைகளும் வரி வீதங்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆண்டுகளும் சட்டங்களும் நடந்தவை.

புரள்வு வரி எண்டா என்ன? லாபத்துக்குப் போடுற வரியோ?

இல்லை. லாபம் வந்ததா, நட்டம் வந்ததா என்று அது பார்க்காது. ஒரு மாதத்தில் பத்து இலட்சத்துக்கு விற்றால் அந்தப் பத்து இலட்சத்துக்கும் வரி. அதில் ஒன்பது இலட்சத்துக்கு நீங்கள் சரக்கு வாங்கியிருந்தாலும் அந்த ஒன்பதைக் கழிக்க விடமாட்டார்கள். விற்பனைத் தொகைதான் 'புரள்வு'. அதன் மேல் ஒரு வீதம், அவ்வளவுதான்.

அரசாங்கங்களுக்கு இது பிடித்துப் போனதற்குக் காரணம் இந்த எளிமைதான். செலவுக் கணக்கைச் சோதிக்கத் தேவையில்லை, விற்பனைப் புத்தகம் ஒன்று போதும். எல்லாக் கைகளிலும் வாங்குவதால் வீதத்தை மிகச் சிறிதாக வைத்துக்கொண்டே பெரிய வருமானம் பார்க்கலாம். முதலாம் உலகப் போரின் செலவுக்காக ஜேர்மனி 1916இல் 0.1 வீதத்தில் தொடங்கியது. 1918இல் அது 0.5 வீதமாகி, 1951இல் 4 வீதத்துக்கு வந்து நின்றது.

அஞ்சு வீதம் எண்டு சொல்லிப்போட்டு கடைசியில பதினஞ்சு வீதம் எப்பிடி வரும்?

ஒரு முதிரைக் கதவை எடுத்துக்கொள்வோம். மரக்காலைக்காரர் 20,000 ரூபா மரம் கொடுக்கிறார். தச்சுப் பட்டறை அதில் 15,000 ரூபா வேலை சேர்க்கிறது. மொத்த வியாபாரி 5,000 வைக்கிறார், சில்லறைக் கடை 10,000 வைக்கிறது. வரியே இல்லையென்றால் கதவின் விலை 50,000. இப்போது ஒவ்வொரு விற்பனைக்கும் 5 வீதப் புரள்வு வரி என்று வைப்போம்.

மரக்காலை 20,000க்கு 1,000 வரி சேர்த்து 21,000க்கு விற்கும். பட்டறை அந்த 21,000உடன் தன் 15,000ஐச் சேர்த்தால் 36,000, அதற்கு வரி 1,800, விற்பது 37,800க்கு. மொத்த வியாபாரி 5,000 சேர்த்தால் 42,800, வரி 2,140, விற்பது 44,940க்கு. சில்லறைக் கடை 10,000 சேர்த்தால் 54,940, வரி 2,747. கதவு வீட்டுக்கு வரும்போது 57,687 ரூபா.

நான்கு வரிகளையும் கூட்டினால் 7,687. வரியில்லாத விலையான 50,000க்கு அது 15.4 வீதம் அளவில் வருகிறது. ஆனால் வாங்கியவருக்குக் கடைசிப் பில்லில் தெரிவது 5 வீதம் மட்டும்தான். மிச்சம் முழுக்க 'சாமான் விலை' என்ற பெயரில் உள்ளே ஒளிந்திருக்கிறது.

அதில உண்மையா வரிக்குப் போட்ட வரி எவ்வளவு? பாத்தா சின்னத் தொகை போல கிடக்கே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பாடப்புத்தகம் படித்தவர்கள்கூட இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். பட்டறை வாங்கிய மரத்தில் 1,000 வரி ஒளிந்திருந்தது, அதற்கு 5 வீதம் 50 ரூபா. மொத்த வியாபாரி வாங்கும்போது ஒளிந்திருந்தது 2,800, அதற்கு 140. சில்லறைக் கடை வாங்கும்போது 4,940, அதற்கு 247. மூன்றும் சேர்ந்து 437 ரூபாதான்.

மிச்சம் 7,250 எங்கிருந்து வந்தது? மரத்தின் 20,000 ரூபா நான்கு கையிலும் நான்கு தரம் வரிக்கு உட்பட்டது. தச்சரின் 15,000 மூன்று தரம். மொத்த வியாபாரியின் 5,000 இரண்டு தரம். சில்லறைக் கடையின் 10,000 மட்டும்தான் ஒரு தரம். அப்படிப் பார்த்தால் 50,000 ரூபாக் கதவுக்கு 1,45,000 ரூபாவுக்கான வரி வாங்கப்பட்டிருக்கிறது. ஆகவே வரிக்கு மேல் வரி என்பது சேதத்தின் சிறு பங்கு. ஒரே பெறுமதியைக் கைக்குக் கை திரும்பத் திரும்ப வரிக்குள் இழுப்பதுதான் பெரிய பங்கு. வீதம் கூடக் கூட அந்தச் சிறு பங்கும் வேகமாக வளரும்.

எல்லாருக்கும் ஒரே அஞ்சு வீதம் தானே அண்ணை, இதில ஆருக்கு அநியாயம்?

தனித்தனியாகத் தொழில் செய்பவருக்கு. ஒரு பெரிய கம்பனி மரத்தைத் தானே அறுத்து, தானே கதவு செய்து, தன் காட்சியறையிலேயே விற்கிறது என்று வையுங்கள். நடுவில் விற்பனை எதுவும் இல்லை. 50,000க்கு ஒரேயொரு தரம் 5 வீதம், 2,500 ரூபா. அதன் கதவு 52,500. நம் பட்டறைக் கதவு 57,687. தச்சர் கெட்டிக்காரராக இருந்தாலும், கூலியைக் குறைத்தாலும் 5,187 ரூபாப் பள்ளத்தை எப்படி நிரப்புவார்? அந்தப் பள்ளத்தைத் தோண்டியது கம்பனியின் திறமை அல்ல, வரிச் சட்டம்.

இதனால் தொழில் நடக்கும் விதமே மாறிவிடும். வெளியில் வாங்கினால் நல்லதும் மலிவுமாகக் கிடைக்கும் பொருளைக்கூட நிறுவனங்கள் தாமே செய்யத் தொடங்கும், சிறியவற்றைப் பெரியவை விழுங்கும். ஜேர்மனியில் இது நீதிமன்றம் வரை போனது. இந்த வரி போட்டியில் சமநிலையைக் கெடுக்கிறது என்பதைக் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 1966 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. சீர்திருத்தம் நடந்துகொண்டிருந்ததால் மட்டும் அதை உடனே தூக்கி எறியவில்லை. 1968 சனவரி 1 முதல் ஜேர்மனி பெறுமதி சேர் வரிக்கு, அதாவது வற்றுக்கு, மாறியது.

எங்களைப் போன்ற இடங்களுக்கு இன்னொரு பாதிப்பும் உண்டு. கொழும்பில் இறக்குமதியாளர், பிறகு வவுனியாவில் மொத்தக் கடை, பிறகு கிளிநொச்சிக் கடை, கடைசியில் புதுக்குடியிருப்புக்கு உள்ளே ஒரு சின்னக் கடை என்று சாமான் கைமாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் வரி வாங்கும் முறையில், கொழும்பில் நேரே வாங்குபவரைவிடச் சங்கிலியின் கடைசியில் இருப்பவர் அதே சாமானுக்குக் கூட வரி கட்டுவார். எந்தப் பாராளுமன்றமும் 'தூரத்து ஊருக்குக் கூட வரி' என்று சட்டம் எழுதாது. இந்த வரி அதை எழுதாமலே செய்கிறது.

வற் எண்டாலும் ஒவ்வொரு கையிலயும் தானே வாங்கினம். பிறகென்ன வித்தியாசம்?

கழிக்க விடுகிறார்கள். நீங்கள் விற்கும்போது வாங்கிய வரியிலிருந்து, நீங்கள் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்து மிச்சத்தை மட்டும் திணைக்களத்துக்குக் கட்டினால் போதும். முதலாவது வெளியீட்டு வரி, இரண்டாவது உள்ளீட்டு வரி. அதே கதவுக்கு 15 வீத வற் என்று வைத்துப் பாருங்கள்.

மரக்காலை 20,000க்கு 3,000 வாங்கிக் கட்டும். பட்டறையின் விலை 35,000, வற் 5,250. அதில் மரத்துக்குக் கொடுத்த 3,000ஐக் கழித்து 2,250 கட்டும். மொத்த வியாபாரிக்கு 40,000, வற் 6,000, கழிவு 5,250, கட்டுவது 750. சில்லறைக் கடைக்கு 50,000, வற் 7,500, கழிவு 6,000, கட்டுவது 1,500. நான்கையும் கூட்டினால் சரியாக 7,500. கதவின் விலை 57,500.

பழைய முறையில் வந்த 57,687க்கும் இதற்கும் பெரிய இடைவெளி இல்லை. அரசாங்கத்துக்கும் கிட்டத்தட்ட அதே காசு கிடைக்கிறது. மாறியது வேறு இடத்தில். எல்லாவற்றையும் தானே செய்யும் பெரிய கம்பனியும் இப்போது 7,500தான் கட்டும். கதவு நான்கு கை மாறினாலும் நாற்பது கை மாறினாலும் வரி அதன் கடைசி விலைக்கு 15 வீதம்தான். பில்லில் எழுதிய வீதம்தான் உண்மையான வீதம். 5 என்று சொல்லி 15 வாங்கும் வேலை அங்கே இல்லை.

உந்த கழிக்கிற கரைச்சலே வேண்டாம். கடைசிக் கடையில மட்டும் ஒரேயடியா வாங்கினா என்ன?

தாளில் அது அழகான தீர்வு. நடைமுறையில் இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, 7,500 முழுவதையும் சில்லறைக் கடையிடமே வாங்க வேண்டும். நாட்டில் எண்ணிக்கையில் கூடியவையும் கணக்கு வைப்பதில் பலவீனமானவையும் அந்தக் கடைகள்தான். ஒரு கடை பில் போடாமல் விற்றால் முழு வரியும் போச்சு. வற்றில் அதே கடை ஏமாற்றினாலும் 6,000 ஏற்கெனவே மேல் கைகளில் வந்து சேர்ந்திருக்கும்.

மற்றது, கடையில் ஆணி வாங்குபவர் தச்சரா, வீட்டுக்காரரா என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தச்சரிடம் வரி வாங்கிவிட்டால் அது கதவு விலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும், மீண்டும் பழையபடி வரிக்கு மேல் வரி அடுக்குவதுதான்.

பிரான்ஸ் தான் இதைக் கண்டுபிடிச்சது எண்டு படிச்சம். ஒரே நாளில மாத்தினவையோ?

இல்லை, 30 ஆண்டுகளுக்கு மேல் தட்டுத் தடுமாறித்தான் வந்தார்கள். 1920இல் அங்கே வந்தது சாதாரணப் புரள்வு வரி. 1936இல் அதை எடுத்துவிட்டு 'உற்பத்தி வரி' கொண்டு வந்தார்கள். உற்பத்தியாளர்கள் தமக்குள் வரியில்லாமல் வாங்கி விற்கலாம், கடைசி உற்பத்தியாளர் மட்டும் கட்ட வேண்டும். முன் பதிலில் சொன்ன இடிபாடு அங்கேயும் வந்தது, வரி முழுவதும் ஒரே கையில் தொங்கியது. ஆகவே 1948இல் ஒவ்வொருவரும் தன் விற்பனைக்குக் கட்டி, வாங்கிய மூலப்பொருளுக்கான வரியைக் கழிக்கும் முறைக்கு வந்தார்கள்.

அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. மரத்துக்குக் கொடுத்த வரியைக் கழிக்கலாம், மரம் அறுக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்ததைக் கழிக்க முடியாது. இயந்திரத்தின் வரி மெல்ல மெல்ல ஒவ்வொரு கதவின் விலைக்குள்ளும் இறங்கும். போருக்குப் பின் தொழிற்சாலைகளைப் புதுப்பிக்கத் துடித்த நாட்டில், புது இயந்திரம் வாங்குபவருக்குத் தண்டனை போல அது இருந்தது. வரி அதிகாரி மொறிஸ் லோரே முன்வைத்த திட்டம், இயந்திரத்துக்கும் சேவைகளுக்கும் கட்டிய வரியையும் கழிக்க விட வேண்டும் என்பது. 1954 ஏப்ரல் சட்டத்தில் அது வந்தது. வற் பிறந்தது என்று சொல்வது அந்த ஆண்டைத்தான். சில்லறைக் கடைகள் வரை அது இறங்கியது 1968இல்.

சரி, மற்ற ஐரோப்பிய நாடுகள் ஏன் பின்னால போனவை? பழசோட இருந்திருக்கலாமே?

எல்லைதான் அவர்களைத் தள்ளியது. ஏற்றுமதிச் சாமானிலிருந்து உள்நாட்டு வரியைக் கழற்றிவிட்டு அனுப்புவது வழமை. நம் கதவை மொத்த வியாபாரி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்றால் அவருக்கு எவ்வளவு திருப்பிக் கொடுப்பது? புரள்வு வரியில் அந்தக் கதவுக்குள் எவ்வளவு வரி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூன்று கை மாறி வந்ததற்கு ஒரு தொகை, ஒரே கம்பனி செய்ததற்கு வேறு தொகை. ஆகவே நாடுகள் ஒரு சராசரியை வைத்துத் திருப்பிக் கொடுத்தன, இறக்குமதிக்கும் ஒரு சராசரியை வைத்து வாங்கின. அந்தச் சராசரிக்குள் தன் ஏற்றுமதியாளருக்கு மறைவாக மானியம் கொடுக்கிறாய் என்று ஒருவரையொருவர் சந்தேகிக்க இடம் இருந்தது. பொதுச் சந்தை அமைக்கப் புறப்பட்டவர்களால் அந்தச் சந்தேகத்தோடு ஒரு அடி வைக்க முடியவில்லை.

வற்றில் பதில் துல்லியம். மொத்த வியாபாரி ஏற்றுமதி செய்தால் அவருடைய விற்பனைக்குப் பூச்சிய வீதம், கையில் பில்லோடு இருக்கும் 5,250 திரும்பக் கிடைக்கும். கதவு 40,000க்கு வரியின் சுவடே இல்லாமல் கப்பல் ஏறும். 1967 ஏப்ரலில் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் அடுக்கு வரிகளை நீக்கி எல்லா உறுப்பு நாடும் வற்றுக்கு மாற வேண்டும் என்று பணித்தது. கொடுத்த தவணை 1970 சனவரி. பெல்ஜியம் 1971இலும் இத்தாலி 1973இலும்தான் வந்து சேர்ந்தன.

எங்கட நாட்டில எப்ப மாறினது?

நம்மிடம் 1981ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கப் புரள்வு வரிச் சட்டம் இருந்தது. 1998 ஏப்ரலில் அதன் இடத்துக்கு 12.5 வீதத்தில் பொருட்கள் சேவைகள் வரி வந்தது. அதுவும் கழிவு தரும் வரிதான். ஆனால் பக்கத்தில் தேசிய பாதுகாப்பு வரி தொடர்ந்து இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு 2002 ஓகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்ததுதான் இன்றைய வற். வீதம் பலமுறை ஏறி இறங்கி, 2024 சனவரி முதல் 18 வீதமாக இருக்கிறது.

அரிசிக்கு வற் இல்லை எண்டுறியள். பிறகேன் மில்காரர் வற்றாலதான் விலை கூடினது எண்டு சொல்றார்?

அவர் பொய் சொல்லவில்லை. அரிசி 'விலக்களிக்கப்பட்ட' பொருள். விற்பனைக்கு வற் இல்லை, அதனால் உள்ளீட்டு வரியைக் கழிக்கவும் உரிமை இல்லை. 2024 சனவரியிலிருந்து டீசலுக்கு வற் உண்டு. மில்லின் இயந்திரத்துக்கும் உதிரிப்பாகத்துக்கும் உண்டு. கட்டியதைக் கழிக்க வழியில்லாததால் அதெல்லாம் அரிசி விலைக்குள் இறங்கிவிடும். பிரான்சில் 1954க்கு முன் இருந்த அதே இயந்திர ஓட்டை, இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லிலும்.

ஏற்றுமதிக்குச் சொன்ன பூச்சிய வீதத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். இரண்டிலும் பில்லில் வற் வராது. பூச்சிய வீதத்தில் கட்டியது திரும்பி வரும், விலக்களிப்பில் திரும்பாது.

என்ர பட்டறை சின்னன், வற்றுக்குப் பதிவில்லை. அது நல்லது தானே? பிறகேன் பெரிய கடையள் என்னட்ட கதவு எடுக்கப் பயப்பிடீனம்?

யாருக்கு விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2024 சனவரியில் வந்த எல்லைப்படி ஆண்டுக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் விற்பவர்தான் கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் அதற்குக் கீழேதான். வீட்டுக்காரருக்கு நேரே விற்றால் உங்கள் கூலிக்கு வரி இல்லை, அது உங்களுக்கு வாய்ப்பு.

பதிந்த மொத்த வியாபாரிக்கு விற்றால் கதை தலைகீழ். மரத்துக்குக் கொடுத்த 3,000ஐ உங்களால் கழிக்க முடியாது. 23,000உடன் உங்கள் 15,000ஐச் சேர்த்து 38,000க்குக் கொடுப்பீர்கள். அவரிடம் வற் பில் இல்லை, கழிக்க எதுவும் இல்லை. 5,000 வைத்தால் 43,000, சில்லறைக் கடை 10,000 வைத்தால் 53,000, அதற்கு 15 வீதம் 7,950. கதவு 60,950. எல்லோரும் பதிந்திருந்தால் 57,500தான். கூடின 3,450இல் 3,000 கழிக்க முடியாமல் போன வரி, 450 அதன் மேல் விழுந்த வரி. பழைய அடுக்கு சங்கிலியின் நடுவில் மறுபடி முளைத்திருக்கிறது. எல்லை தாண்டாதவரும் விரும்பினால் பதியலாம். பெரும்பாலும் பதிந்த கடைகளுக்கே விற்பவர் தன் கணக்காளரோடு இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்ப்பது நல்லது. பதிந்தபின் புத்தகம் ஒழுங்காக எழுதும் செலவையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அப்ப இப்ப புரள்வு வரியே இல்லையோ?

இருக்கிறது, வேறு பெயரில். 2009இல் வந்து 2019 முடிவில் போன தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அந்த இனம். 2022 ஒக்டோபரிலிருந்து இருக்கும் 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுத்தொகை அறவீடும் அதே இனம். விற்பனைத் தொகைக்கு மேல் கணக்கிடப்படும், அடுத்த கையில் கழிக்க முடியாது. அது சேர்ந்த விலைக்கு மேல்தான் வற்றும் போடப்படுகிறது. அது நேரடியாக வரிக்கு வரி.

அடுக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் வியாபாரிகளின் புரள்வில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். இது வலியைக் குறைக்கும், நோயை மாற்றாது. காசு அவசரமாகத் தேவைப்படும் அரசாங்கம் இந்த வரியைத் தேடித்தான் போகும். 1916இல் ஜேர்மனி போன வழியும் அதுதான்.

ஒரு பில்லைப் பாத்து உள்ளுக்குள்ள அடுக்கு வரி இருக்கோ எண்டு கண்டுபிடிக்கலாமோ?

உங்கள் கையில் இருக்கும் பில்லை மட்டும் பார்த்து முடியாது, ஒளிந்திருப்பதுதான் அதன் குணம். கை கையாகப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். உங்களுக்கு விற்றவர் தான் வாங்கிய இடத்தில் கட்டிய வரியைக் கழித்தாரா? அவரும் அவருக்கு முன்னால் இருந்த எல்லாக் கைகளும் கழித்திருந்தால், பில்லில் தனியாகக் காட்டிய வற்தான் அந்தச் சாமானில் உள்ள முழு வற்றும். அவர் பதியாதவர், அல்லது விலக்களித்த பொருள் விற்பவர் என்றால், பில்லில் வற் வரியே இல்லாவிட்டாலும் விலைக்குள் வற் இருக்கிறது. பில்லில் வற் போட்டிருந்தும் பதிவிலக்கம் இல்லையென்றால் அந்த விற்பனையாளரிடம் கேளுங்கள். பதியாதவர் வற் வாங்க முடியாது, அந்தப் பில்லை வைத்து நீங்களும் கழிக்க முடியாது.